நிறுத்தும் மருந்தா, கொல்லும் மருந்தா? டைம்-கில் வளைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாக்டீரியாவை வளரவிடாமல் நிறுத்துவதும் கொல்வதும் வேறு வேறா? இரண்டிலும் நோய் குணமாகத்தானே செய்கிறது?

மருந்தை விலக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். குளோராம்பெனிகாலை எடுத்துக்கொள்வோம். அது பாக்டீரியாவின் ரைபோசோமில் 50எஸ் எனப்படும் பெரிய பகுதியில் ஒட்டிக்கொண்டு, புரதச் சங்கிலியில் அடுத்த அமினோ அமிலம் சேராமல் தடுக்கிறது. அந்தப் பிடி தளரக்கூடிய பிடி. குளோராம்பெனிகாலில் கிடந்த ஈ.கோலையைக் கழுவி, பிராத் எனப்படும் ஊட்டத் திரவத்தில் புதிதாக விட்டால், சிறிது நேரம் தாமதித்துவிட்டு மறுபடி பெருக ஆரம்பிக்கும். சிப்ரோஃபிளாக்சசினில் கிடந்த ஈ.கோலை அப்படி எழுவதில்லை. டி.என்.ஏ.வை வெட்டி மீண்டும் ஒட்டுகிற கைரேஸ் என்சைமை, வெட்டிய நிலையிலேயே அந்த மருந்து பிடித்து வைத்துவிடுகிறது. இழைகள் துண்டாகின்றன. கழுவினாலும் பெரும்பாலான செல்கள் திரும்புவதில்லை.

முதல் வகையை பாக்டீரியோஸ்டேட்டிக் என்றும் இரண்டாவதை பாக்டீரிசைடல் என்றும் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இங்கே நிறுத்தும் மருந்து, கொல்லும் மருந்து என்றே எழுதுகிறேன். நிறுத்தும் மருந்திலும் நோய் குணமாகிறது என்பது உண்மைதான். பெருக்கம் நின்றதும், மிச்சத்தை நம் நியூட்ரோஃபில் செல்களும் மேக்ரோஃபேஜ்களும் தின்று தீர்க்கின்றன. அவை வந்து சேர முடியாத இடத்தில் நோய் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

புரதத் தயாரிப்பைத் தடுப்பவை நிறுத்தும் மருந்துகள், செல்சுவரைத் தாக்குபவை கொல்லும் மருந்துகள் என்று மனப்பாடம் செய்தோம். அது போதாதா?

போதாது. ஜென்டாமைசின் வேலை செய்வதும் ரைபோசோமில்தான், ஆனால் அது வேகமாகக் கொல்கிறது. அது ரைபோசோமைத் தவறான அமினோ அமிலங்களைச் சேர்க்க வைக்கிறது. அப்படிப் பிழையாக உருவான புரதங்கள் செல்சவ்வில் போய்ச் சேர்ந்து அதைக் கெடுக்கின்றன. மறுபக்கம், செல்சுவரைத் தாக்கும் ஆம்பிசிலின் என்டரோகாக்கஸ் கிருமியிடம் பெரும்பாலும் நிறுத்துவதோடு நின்றுவிடுகிறது. மருந்து எங்கே ஒட்டுகிறது என்று தெரிந்தால், எந்தக் கிருமியை எந்த அளவில் கொல்லும் என்று ஊகிக்கலாமே தவிர, உறுதியாகச் சொல்ல முடியாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

எம்.ஐ.சி. எண் இருக்கிறதே, அதில் தெரியாதா?

எம்.ஐ.சி. என்பது ஓரிரவு இன்குபேட்டரில் வைத்த பிறகு கண்ணுக்குக் கலங்கல் தெரியாமல் இருக்கும் மிகக் குறைந்த மருந்து அளவு. குழாய் கலங்கலாகத் தெரிய மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கோடி பாக்டீரியா வேண்டும். நாம் தொடக்கத்தில் போடுவதோ ஐந்து லட்சம். ஆகவே தெளிவாக இருக்கும் குழாயில் அந்த ஐந்து லட்சமும் உயிரோடு உட்கார்ந்திருக்கலாம், ஒன்றுகூட மிஞ்சாமலும் போயிருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

தெளிவான குழாய்களிலிருந்து கொஞ்சம் எடுத்து பிளேட்டில் பரப்பி, 99.9 சதவீதம் செத்திருக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்தால் அது எம்.பி.சி. அது எம்.ஐ.சி.யைப் போல நான்கு மடங்குக்குள் இருந்தால் கொல்லும் மருந்து என்பது வழக்கம். பயனுள்ள சோதனைதான். ஆனால் அது ஒரே ஒரு நேரப் புள்ளியைப் பார்க்கிறது. இரண்டு மணி நேரத்தில் கொன்றதா, இருபது மணி நேரம் இழுத்ததா, நடுவில் விழுந்து மறுபடி எழுந்ததா என்பது அதில் வராது. அதற்குத்தான் டைம்-கில் வளைவு.

டைம்-கில் சோதனையை எப்படிச் செய்கிறார்கள்?

முதல் நாள் இரவு வளர்த்த கல்ச்சரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதில் உள்ள செல்கள் உணவு தீர்ந்து ஓய்ந்து கிடப்பவை. வளராத செல்லைப் பென்சிலின் கொல்வதில்லை என்று 1942-லேயே கிளாடிஸ் ஹாபியும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டிவிட்டார்கள். எனவே புது முல்லர்-ஹின்டன் பிராத்தில் மாற்றி, செல்கள் வேகமாகப் பிரியும் நிலைக்கு வரும்வரை வளர்த்து, மில்லிலிட்டருக்குச் சுமார் 5 × 10⁵ என்ற அளவுக்கு நீர்க்க வைத்து, ஃபிளாஸ்க்குகளில் பிரிக்கிறோம். ஒன்றில் மருந்தே இல்லை, அது கன்ட்ரோல். மற்றவற்றில் எம்.ஐ.சி.யின் மடங்குகளாக மருந்து: ஒரு மடங்கு, நான்கு மடங்கு, தேவையானால் இன்னும் அதிகம். எல்லாம் 35 டிகிரியில் ஆடிக்கொண்டிருக்கும்.

பிறகு 0, 2, 4, 6, 8, 24 மணி என்று ஒவ்வொரு ஃபிளாஸ்கிலிருந்தும் 0.1 மி.லி. எடுத்து, 0.9 மி.லி. சலைனில் கலந்து பத்தில் ஒன்றாக்குகிறோம். அதிலிருந்து மறுபடி பத்தில் ஒன்று, மறுபடி ஒன்று. ஒவ்வொரு நீர்ப்பிலும் 0.1 மி.லி.யை அகர் பிளேட்டில் பரப்பி ஓரிரவு வைத்தால், உயிரோடிருந்த ஒவ்வொரு செல்லும் ஒரு காலனியாக வளரும். 30-லிருந்து 300 காலனி வரை உள்ள பிளேட்டைத்தான் எண்ணுவோம். அதற்கு மேல் காலனிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், அதற்குக் கீழ் தற்செயல் பிழை பெரிதாகிவிடும்.

ஒளி அடர்த்தி மானியில் வைத்து ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். செத்த செல்லும் ஒளியைச் சிதறடிக்கும். தவிர, ஐந்து லட்சத்திலிருந்து ஐந்நூறுக்கு விழுவதை அந்தக் கருவியால் பார்க்கவே முடியாது. பிளேட்டை எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஓர் உதாரணத்தை எண்களோடு காட்ட முடியுமா?

ஆய்வகங்கள் தரக் கட்டுப்பாட்டுக்கு வைத்திருக்கும் ஈ.கோலை ஏ.டி.சி.சி. 25922 என்ற வகையை எடுப்போம். இதற்கு குளோராம்பெனிகால் எம்.ஐ.சி. மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம் என்றும், சிப்ரோஃபிளாக்சசின் எம்.ஐ.சி. 0.008 மைக்ரோகிராம் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் அந்த வகைக்கு ஏற்கப்பட்ட வரம்புக்குள் இருப்பவை. இரண்டு மருந்தையும் நான்கு மடங்கில் போடுகிறோம். கீழே வரும் காலனி எண்ணிக்கை கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டது.

தொடக்க நேரத்தில், ஆயிரத்தில் ஒன்றாக நீர்த்த பிளேட்டில் 42 காலனிகள். பரப்பியது 0.1 மி.லி. ஆக,

42 × 10³ ÷ 0.1 = 4.2 × 10⁵

மில்லிலிட்டருக்கு நாலு லட்சத்து இருபதாயிரம். இதன் லாக் மதிப்பு 5.62. இதேபோல் ஒவ்வொரு நேரத்துக்கும் கணக்கிட்டு லாக் மதிப்பை மட்டும் எழுதினால் இப்படி வரும்:

| மணி | கன்ட்ரோல் | குளோராம்பெனிகால் | சிப்ரோஃபிளாக்சசின் |
|---|---|---|---|
| 0 | 5.62 | 5.62 | 5.62 |
| 2 | 7.1 | 5.5 | 2.58 |
| 4 | 8.5 | 5.3 | 1.48 |
| 8 | 9.1 | 5.0 | 1-க்குக் கீழ் |
| 24 | 9.2 | 4.56 | 1-க்குக் கீழ் |

வரைபடத்தில் கன்ட்ரோல் ஏறி மேலே தட்டையாகிறது. உணவு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். குளோராம்பெனிகால் கோடு மெதுவாகச் சரிந்தபடியே போகிறது. 24 மணி நேரத்தில் விழுந்தது 5.62 − 4.56 = 1.06 லாக். அதாவது பத்தில் ஒன்பது பங்கு குறைந்திருக்கிறது. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் மில்லிலிட்டருக்கு 36,000 இன்னும் உயிரோடு இருக்கின்றன. சிப்ரோஃபிளாக்சசின் கோடு இரண்டு மணிக்குள் 3.04 லாக் விழுகிறது.

கொல்லும் மருந்து என்று சொல்ல, 24 மணி நேரத்துக்குள் தொடக்க எண்ணிக்கையிலிருந்து 3 லாக், அதாவது ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல். இந்தக் கிருமியிடம், இந்த அளவில், குளோராம்பெனிகால் நிறுத்தும் மருந்து, சிப்ரோஃபிளாக்சசின் கொல்லும் மருந்து. முக்கியமாக, ஒப்பிட வேண்டியது அதே ஃபிளாஸ்கின் தொடக்க எண்ணிக்கையோடு. 24 மணி கன்ட்ரோலோடு ஒப்பிட்டுக் குளோராம்பெனிகால் 4.6 லாக் கொன்றது என்று எழுதிய ரிப்போர்ட்டுகளை மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி பிறக்காமல் போன செல்கள். செத்த செல்கள் அல்ல.

3 லாக் என்பது எங்கிருந்து வந்தது? 2.9 லாக் விழுந்தால் அது கொல்லும் மருந்து இல்லையா?

அது ஒரு வசதிக்காகப் போட்ட கோடு. 99.9 சதவீதத்துக்கும் 99.8 சதவீதத்துக்கும் நடுவில் உயிரியல் எல்லை எதுவும் கிடையாது.

மேலே உள்ள இரண்டாம் மணி புள்ளியையே பாருங்கள். நீர்க்காமல் பரப்பிய பிளேட்டில் 38 காலனி, ஆகவே மில்லிலிட்டருக்கு 380. எல்லைக்கோடு 420. சற்றே தாண்டிவிட்டது. ஆனால் 38 என்று எண்ணும்போது தற்செயலாகவே ஆறு காலனி கூடவோ குறையவோ வரலாம். எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குப் பிழை என்பது இந்த மாதிரி எண்ணலின் இயல்பு. 44 காலனி வந்திருந்தால் 440, கோட்டைத் தாண்டவில்லை. ஒரே ஃபிளாஸ்க், ஒரே நிமிடம், இரண்டு விதமான பெயர். ஒற்றைப் புள்ளியை வைத்து முடிவு கட்டாமல், நான்காம் மணி புள்ளியும் அதே திசையில் போகிறதா என்று பார்ப்பதும், முழுச் சோதனையையும் இன்னொரு நாள் திரும்பச் செய்வதும் அதனால்தான்.

எட்டாம் மணியில் பிளேட்டில் ஒரு காலனியும் இல்லை என்றால் பூஜ்யம் என்று எழுதக் கூடாது. 0.1 மி.லி.தான் பரப்பினோம். ஒரு காலனி வந்திருந்தால் அது மில்லிலிட்டருக்கு 10. அதற்குக் கீழே இந்த முறைக்குக் கண் கிடையாது. ஃபிளாஸ்க் முழுவதும் 10 மி.லி. என்றால், மில்லிலிட்டருக்கு ஐந்து வீதம் மொத்தம் ஐம்பது செல்கள் இருந்தும் நமக்குத் தெரியாமல் போகலாம்.

குளோராம்பெனிகால் கோடு கிட்டத்தட்ட தட்டையாக இருக்கிறதே, அங்கே உள்ளே எதுவுமே நடக்கவில்லையா?

தட்டையான கோட்டுக்கு இரண்டு பொருள் உண்டு. பிறப்பும் இல்லை, சாவும் இல்லை என்பது ஒன்று. பிறப்பும் சாவும் சமமாக நடக்கின்றன என்பது மற்றொன்று. குளத்தில் நீர்மட்டம் மாறாமல் இருப்பதைக் கரையில் நின்று பார்ப்பவருக்கு, மதகு மூடியிருக்கிறதா, வரத்தும் போக்கும் சமமாக இருக்கின்றனவா என்று தெரியாது. டைம்-கில் வளைவு காட்டுவது எப்போதும் நிகர எண்ணிக்கைதான்.

எம்.ஐ.சி.யின் அளவிலேயே வைத்த கொல்லும் மருந்துகளில் இது பெரிதும் குழப்பும். அங்கே கொலையும் நடக்கும், தப்பியவற்றின் பெருக்கமும் நடக்கும், கோடு ஏறத்தாழ தட்டையாகத் தெரியும். அளவை நான்கு மடங்காக்கினால் கோடு சட்டென்று கீழே இறங்கும். குளோராம்பெனிகாலில் நான்கு மடங்கு வைத்தாலும் எட்டு மடங்கு வைத்தாலும் ஈ.கோலையின் கோடு அவ்வளவாக மாறாது. ஒரே ஒரு அளவில் வரைந்த வளைவை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். மருந்தின் குணம் தெரிய வேண்டுமென்றால் அளவைக் கூட்டக் கூட்டச் சரிவு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஜென்டாமைசின், சிப்ரோஃபிளாக்சசின் போன்றவற்றில் அளவு கூடக் கூடச் சரிவு செங்குத்தாகும். பென்சிலின் வகைகளில் நான்கைந்து மடங்கைத் தாண்டினால் சரிவு அதற்கு மேல் கூடாது. அவற்றில் எவ்வளவு நேரம் மருந்து இருக்கிறது என்பதே கணக்கு. நாளைக்கு ஒரே வேளை ஜென்டாமைசின், ஆனால் பென்சிலின் ஊசி நாலைந்து மணிக்கொரு முறை என்று வார்டில் போடுவதற்கு இந்தச் சரிவுகளில் ஒரு நல்ல பகுதி விளக்கம் இருக்கிறது.

குளோராம்பெனிகால் நிறுத்தும் மருந்துதான் என்றால், மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கு எப்படி இத்தனை காலம் கொடுத்தார்கள்?

நியாயமான கேள்வி. ஏனென்றால் நிறுத்தும் மருந்து போதாத இடங்களில் மூளைச்சவ்வு முக்கியமானது. அங்குள்ள திரவத்தில் பாக்டீரியாவைக் குறிவைத்துக் கொடுக்கும் ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் மிகக் குறைவு. செல்கள் வந்தாலும் கிருமியைச் சரியாக விழுங்க முடியாது. மிச்சத்தை முடித்துவைக்க ஆளில்லை.

விடை கிருமியில் இருக்கிறது. 1979-ல் ரஹால், சிம்பர்காஃப் இருவரும் மூளைச்சவ்வைத் தாக்கும் கிருமிகளிடம் குளோராம்பெனிகாலை வைத்துப் பார்த்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சே, நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் மூன்றையும் நோயாளியின் உடலில் எட்டக்கூடிய அளவிலேயே அது கொன்றது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் வகைக் கிருமிகளையும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸையும் நிறுத்துவதோடு நின்றது. மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கு வழக்கமாகக் காரணமாகும் மூன்று கிருமிகளுக்கும் அது கொல்லும் மருந்து. கூடவே, ரத்தத்தில் உள்ள அளவில் ஏறத்தாழப் பாதி மூளைத் தண்டுவடத் திரவத்துக்குப் போய்ச் சேரும். எளிதில் கிடைக்காத ஒரு வசதி இது. ஆப்பிரிக்காவில் மெனிங்கோகாக்கஸ் கொள்ளைநோயாகப் பரவிய காலங்களில் எண்ணெயில் கலந்த குளோராம்பெனிகாலை ஒரே ஊசியாகப் போட்டு மக்களைக் காப்பாற்றினார்கள்.

அதே மருந்தைக் குடல் வகைக் கிருமிகளால் வந்த மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்குக் கொடுத்தபோது முடிவுகள் மோசமாக இருந்தன. எம்.ஐ.சி. படி பார்த்தால் அந்தக் கிருமிகளில் பல குளோராம்பெனிகாலுக்கு அடங்குபவைதான். குழாய் தெளிவாகவே இருந்திருக்கும். அதே மருந்து, அதே இடம், வேறு கிருமி. நிறுத்தும், கொல்லும் என்ற பெயரை மருந்தின் மேல் நிரந்தர லேபிளாக ஒட்டக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது. லினிசோலிடும் இப்படித்தான். ஸ்டாஃபைலோகாக்கஸை நிறுத்தும், பெரும்பாலான ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களைக் கொல்லும்.

வளைவு தவறாக வரும் இடங்கள் எவை? எப்படிக் கண்டுபிடிப்பது?

அதிகம் ஏமாற்றுவது, மருந்து பிளேட்டுக்கும் கூடவே வந்துவிடுவது. ஃபிளாஸ்கிலிருந்து எடுக்கும் 0.1 மி.லி.யில் செல் மட்டும் இல்லை, மருந்தும் இருக்கிறது. அது அகரில் உட்கார்ந்து, உயிரோடு வந்த செல்லைக் காலனியாக வளரவிடாமல் தடுக்கும். நாம் அதைச் சாவு என்று எண்ணிவிடுவோம்.

மேலே உள்ள உதாரணத்தில் சிப்ரோஃபிளாக்சசின் நான்கு மடங்கு என்றால் 0.032 மைக்ரோகிராம். 0.1 மி.லி. 20 மி.லி. அகரில் பரவினால் இருநூறில் ஒன்றாகிவிடும், கவலையில்லை. இதையே 64 மடங்கில் செய்தால், அகர் முழுக்கப் பரவிய பிறகும் எம்.ஐ.சி.யின் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும். பரவுவதற்கு முன், மேற்பரப்பில், இன்னும் அதிகம். நீர்க்காத பிளேட்டை நம்பித்தான் கொன்றுவிட்டது என்று சொல்கிறோம், மருந்து அதிகம் வருவதும் அதே பிளேட்டில்தான். முடிவு சொல்லும் இடத்திலேயே பிழை உட்கார்ந்திருக்கிறது.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நீர்க்காத பிளேட்டில் காலனியே இல்லை, பத்தில் ஒன்றாக நீர்த்த பிளேட்டில் பன்னிரண்டு காலனி என்றால், மருந்து கூட வந்துவிட்டது. வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. முறையாகச் செய்வதென்றால், மில்லிலிட்டருக்கு ஆயிரம் செல் உள்ள கலவையில் அதே அளவு மருந்தைச் சேர்த்து உடனே பரப்பி, சலைனில் பரப்பியதோடு ஒப்பிட வேண்டும். கால் பங்குக்கு மேல் குறைந்தால், செல்களை மையவிலக்கியில் சுழற்றிக் கழுவியோ வடிகட்டியில் பிடித்துக் கழுவியோதான் எண்ண வேண்டும்.

ஆறு மணியில் நன்றாக விழுந்த கோடு 24 மணியில் மேலே ஏறிவிட்டது. இது கொல்லும் மருந்தா இல்லையா?

முதலில் ஏன் ஏறியது என்று பார்க்க வேண்டும். 24 மணி பிளேட்டிலிருந்து ஒரு காலனியை எடுத்து மறுபடி எம்.ஐ.சி. பாருங்கள். உயர்ந்திருந்தால் எதிர்ப்புத்திறன் கொண்ட மாற்றச் செல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு வளர்ந்துவிட்டன. உயராமல் பழையபடியே இருந்தால் மருந்து 35 டிகிரியில் சிதைந்து போயிருக்கலாம், இல்லாவிட்டால் ஃபிளாஸ்கின் சுவரில் திரவ மட்டத்துக்கு மேல் தெறித்து ஒட்டிய செல்கள் மருந்து படாமல் தப்பித்துப் பிறகு கீழே வந்திருக்கலாம்.

மாற்றச் செல் வரும் வாய்ப்பைக் கணக்கிடலாம். நம் ஃபிளாஸ்கில் 10 மி.லி., மொத்தம் 4.2 × 10⁶ செல்கள். பத்துக் கோடியில் ஒரு செல் மாற்றச் செல் என்று வைத்தால், 4.2 × 10⁶ × 10⁻⁸ = 0.042. இருபத்து நான்கு ஃபிளாஸ்கில் ஒன்றில்தான் அப்படி ஒரு செல் தொடக்கத்திலேயே இருக்கும். இதய வால்வில் வளர்ந்த கட்டியில் கிராமுக்கு 10⁹ பாக்டீரியா இருக்கலாம். அங்கே அதே கணக்கில் பத்து மாற்றச் செல்கள் முதல் ஊசி போடுவதற்கு முன்பே காத்திருக்கின்றன. சோதனை ஃபிளாஸ்க் சுத்தமாகக் கொன்றதைப் பார்த்து நோயாளியைப் பற்றி முடிவெடுக்கும்போது இந்த எண்ணிக்கை வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும்.

ஏறாமலே, அடியில் தட்டையாகிப் போகும் வாலும் உண்டு. 1944-ல் ஜோசப் பிக்கர் பென்சிலினில் கிடந்த ஸ்டாஃபைலோகாக்கஸில் இதைக் கவனித்தார். மிஞ்சிய சில செல்களை வளர்த்துப் பார்த்தால் அவற்றின் வாரிசுகள் மறுபடி பென்சிலினுக்கு வழக்கம்போலச் சாகின்றன. மரபு மாறவில்லை, அந்த நேரத்தில் ஓய்ந்து கிடந்ததால் தப்பின. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் பெர்சிஸ்டர்.

கொல்லும் மருந்தோடு நிறுத்தும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டைப் பலன்தானே?

எல்லா நேரத்திலும் இல்லை. ஆம்பிசிலின் வளரும் செல்லைத்தான் கொல்கிறது. குளோராம்பெனிகால் வளர்ச்சியை நிறுத்திவிட்டால் ஆம்பிசிலினுக்கு வேலை இல்லாமல் போகிறது. டைம்-கில்லில் ஆம்பிசிலின் தனியாகச் செங்குத்தாக விழும். இரண்டையும் சேர்த்தால் கோடு குளோராம்பெனிகால் கோட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். 1951-ல் லெப்பர், டௌலிங் இருவரும் நிமோகாக்கஸ் மூளைச்சவ்வுக் காய்ச்சல் நோயாளிகளில் இதன் விலையைக் காட்டினார்கள். பென்சிலின் மட்டும் பெற்றவர்களைவிட, பென்சிலினோடு குளோர்டெட்ராசைக்ளினும் பெற்றவர்களில் இறந்தோர் விகிதம் மிக அதிகம்.

அப்படியானால் கொல்லும் மருந்து எப்போதும் மேல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. டைபாய்டைப் பாருங்கள். 1948-ல் கோலாலம்பூரில் வுட்வர்டும் அவருடைய குழுவும் முதல் தடவையாக டைபாய்டு நோயாளிகளுக்கு குளோராம்பெனிகால் கொடுத்தபோது, வாரக்கணக்கில் எரியும் காய்ச்சல் சில நாட்களில் இறங்கியது. டைபாய்டு கிருமியிடம் அது நிறுத்தும் மருந்துதான். ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதும் டைபாய்டுக்கு அதுவே முதல் மருந்து. அந்த நிலையை மாற்றியது கிருமியின் எதிர்ப்புத்திறன். 1972-ல் கேரளத்தின் கோழிக்கோட்டில் பரவிய டைபாய்டு குளோராம்பெனிகாலுக்கு அடங்கவில்லை. நிறுத்தும் மருந்து என்பதன் குறையும் டைபாய்டில் தெரியத்தான் செய்தது: காய்ச்சல் நின்ற சிலருக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தது, பித்தப்பையில் கிருமியைச் சுமப்பவர்களை அது சுத்தமாக்கவில்லை.

2018-ல் வால்ட்-டிக்லர், ஹோல்டம், ஸ்பெல்பர்க் மூவரும் இரண்டு வகை மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 56 சீரற்ற ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 49-ல் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. ஆறில் நிறுத்தும் மருந்து மேலாக இருந்தது, ஒன்றில்தான் கொல்லும் மருந்து வென்றது. அந்த ஒன்றிலும் நிறுத்தும் மருந்தின் டோஸ் போதாமல் இருந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. நிமோனியா, தோல் தொற்று, வயிற்றுத் தொற்று போன்றவற்றில் நோய் எதிர்ப்புச் செல்கள் வேலை செய்யும் நோயாளிக்கு, மருந்து நோய் இருக்கும் இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேர்கிறதா என்பதே பெரிய கேள்வி. கொல்லும் குணத்தை நான் கேட்டு வாங்குவது மூளைச்சவ்வு, இதய வால்வு, நியூட்ரோஃபில் அறவே குறைந்துபோன நோயாளி ஆகிய இடங்களில்தான்.

இவ்வளவு தகவல் தரும் சோதனையை ஆஸ்பத்திரி லேபில் ஏன் செய்து தருவதில்லை?

வேலையை எண்ணிப் பாருங்கள். இரண்டு மருந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு, ஒரு கன்ட்ரோல்: ஏழு ஃபிளாஸ்க். ஆறு நேரம் என்றால் 42 மாதிரி. மாதிரிக்கு மூன்று நீர்ப்பு, ஒவ்வொன்றும் இரண்டு பிளேட். ஒரு நோயாளியின் ஒரு கிருமிக்கு 252 பிளேட். முடிவு வர மூன்று நாள். அதற்குள் நோயாளியின் சிகிச்சை பாதி தூரம் போயிருக்கும். தவிர, ஃபிளாஸ்கில் மருந்தின் அளவு மாறாமல் நிற்கிறது, நோயாளியின் ரத்தத்தில் மணிக்கு மணி ஏறி இறங்குகிறது.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் இந்த வளைவின் சாரத்தை ஒரே குழாயில் அடக்கிவிட்டார்கள். இதய வால்வில் என்டரோகாக்கஸ் தொற்று. ஆம்பிசிலின் தனியாக அதை நிறுத்துகிறது. ஜென்டாமைசின் தனியாக உள்ளேயே போக முடிவதில்லை. இரண்டையும் சேர்த்தால் ஆம்பிசிலின் செல்சுவரைக் கெடுத்து வழிவிட, ஜென்டாமைசின் உள்ளே நுழைந்து கொல்கிறது. செல்சுவரைத் தாக்கும் மருந்து சேர்ந்தால் ஸ்ட்ரெப்டோமைசின் என்டரோகாக்கஸுக்குள் அதிகமாக நுழைகிறது என்று 1971-ல் மொலரிங், வைன்பர்க் இருவரும் கதிரியக்க அடையாளமிட்ட மருந்தை வைத்துக் காட்டினார்கள். டைம்-கில்லில் தனி மருந்துகளில் நன்றாக வேலை செய்ததைவிடச் சேர்க்கை 24 மணியில் குறைந்தது 2 லாக் கூடுதலாகக் குறைத்தால் கூட்டுப் பலன் என்பார்கள்.

ஆனால் சில என்டரோகாக்கஸ்களிடம் ஜென்டாமைசினையே மாற்றிச் செயலிழக்க வைக்கும் என்சைம் இருக்கிறது. அவற்றில் மருந்து உள்ளே போனாலும் பயனில்லை. அதைக் கண்டுபிடிக்க மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் உள்ள ஒரு குழாயில் கிருமியைப் போட்டுப் பார்த்தால் போதும். வளர்ந்தால் கூட்டுப் பலன் கிடைக்காது, ஜென்டாமைசின் சேர்ப்பதால் சிறுநீரகத்துக்கும் காதுக்கும் கெடுதல் மட்டுமே மிஞ்சும். அப்போது ஃபீகாலிஸ் வகையாக இருந்தால் ஆம்பிசிலினோடு செஃப்ட்ரையாக்சோனைச் சேர்க்கும் வழி இருக்கிறது. ரத்தக் கல்ச்சரில் என்டரோகாக்கஸ் வளர்ந்து, வால்வில் சந்தேகம் இருந்தால், "ஹை-லெவல் ஜென்டாமைசின்" முடிவையும் சேர்த்து அனுப்பும்படி லேபைக் கேளுங்கள்.